பூசணம் பிடித்த பிரெட், பழம், சீஸ்: எதை வெட்டி எடுக்கலாம்? எதைத் தூக்கிப் போட வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காட்டுமன்னார்கோயில் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் வீராணம் ஏரி நிரம்பி நிற்கும், இன்னொரு பக்கம் வயலெல்லாம் தண்ணீர். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. இந்த ஈரக்காற்றில் மனிதருக்குச் சளி பிடிப்பதற்கு முன்பே பிரெட்டுக்குப் பூசணம் பிடித்துவிடும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் ஒரு பாக்கெட் பிரெட் வாங்கினார்கள். புதன்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு டிபன் கட்டலாம் என்று எடுத்தால், மூன்றாவது துண்டின் ஓரத்தில் மிளகு அளவுக்குப் பச்சைப் புள்ளி. குளிர்பெட்டியைத் திறந்தால், அறுத்து வைத்த பாதிப் பப்பாளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று. சென்னையிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சீஸ் கட்டியின் ஒரு முனையிலும் பச்சைப் புள்ளி. காசு கொடுத்து வாங்கிய பொருள். "அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு சாப்பிட்டா என்னம்மா?" என்ற கேள்வி எந்த வீட்டிலும் வரும்.

இந்த மூன்று பொருளுக்கும் பதில் ஒன்றல்ல. ஏன் என்று தெரிந்துகொண்டால், வேறு எந்தப் பொருளில் பூசணம் வந்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரிவது பூ மட்டும்தான்

பூசணம் என்பது பூஞ்சை என்ற உயிர். அது ஒரு செடி மாதிரி வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் மிதந்து வரும் வித்து, உணவின் மேல் விழுகிறது. ஈரம் கிடைத்ததும் அதிலிருந்து நூல் போன்ற இழைகள் கிளம்பி, வேர் மாதிரி உணவுக்குள் இறங்குகின்றன. இந்த இழைகள் நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை, நிறமும் கிடையாது. அதனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

உள்ளே போதுமான அளவு பரவிய பிறகுதான் மேலே பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் தூள் போலக் கிளம்புகிறது. அது அடுத்த தலைமுறைக்கான வித்து. ஆக, புள்ளியை நீங்கள் பார்க்கும்போது பூசணம் அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று நினைக்கக் கூடாது. உள்வேலையை முடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறது என்று பொருள்.

இழை எவ்வளவு தூரம் போகும் என்பதை இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது. ஒன்று, பொருளில் உள்ள ஈரம். மற்றொன்று, அதன் இறுக்கம். ஈரமாகவும் தளதளவென்றும் இருந்தால் இழை வேகமாக ஓடும். இறுகிக் கெட்டியாக இருந்தால் மெதுவாகத்தான் நுழையும்.

பிரெட்: முழுப் பாக்கெட்டும் போக வேண்டும்

பிரெட்டைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே முழுக்கக் காற்றுத் துளைகள். பூஞ்சை இழைக்கு இதைவிட வசதியான பாதை கிடையாது. புள்ளி இருக்கும் துண்டின் மறுபக்கம் வெள்ளையாக இருந்தாலும், இழை அங்கே போயிருக்க வாய்ப்பு உண்டு.

"சரி, அந்தத் துண்டை மட்டும் எடுத்துடலாம், மத்தது நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். ஆனால் துண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. பாக்கெட்டை ஒவ்வொரு முறை எடுத்துக் குலுக்கும்போதும் வித்துத்தூள் எல்லாத் துண்டுகளிலும் படிந்துவிடும். அதனால் ஒரு துண்டில் பூசணம் கண்டால் முழுப் பாக்கெட்டையும் விட்டுவிடுவதுதான் சரி. பன், கேக், மிஞ்சிய சோறு, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். வித்துத்தூள் மூச்சோடு உள்ளே போகும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவே இழுப்பைக் கிளப்பிவிடலாம்.

பேக்கரி பிரெட்டின் மேல் சில சமயம் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் உதிர்ந்து போனால் அது மாவு. பஞ்சு போல மயிர் தெரிந்தாலோ, பச்சை, நீலம், கறுப்பு நிறம் கலந்திருந்தாலோ அது பூசணம்.

பழம்: அமுக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பப்பாளி, தக்காளி, திராட்சை, மாம்பழம், ஆரஞ்சு போன்றவை நீர் நிறைந்த மென்மையான பழங்கள். இவற்றில் பூசணம் வந்தால் அந்தப் பழத்தை முழுதாக விட்டுவிடுங்கள். நம் கதையில் வந்த பாதிப் பப்பாளியும் குப்பைக்குத்தான். ஒரு கொத்துத் திராட்சையில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்தால், அவற்றையும் அவற்றை ஒட்டியிருந்தவற்றையும் எடுத்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழுவிப் பயன்படுத்தலாம்.

ஆப்பிளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதை அழுக வைக்கும் ஒரு வகைப் பச்சைப் பூஞ்சை, பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்குகிறது. அந்த நச்சு, அழுகிய பகுதியைத் தாண்டி நல்லதாகத் தெரியும் சதைக்குள்ளும் கசியும். அதனால்தான் ஆப்பிள் சாற்றில் பாட்டுலின் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள். பூசணம் பிடித்த ஆப்பிளை வெட்டி ஜூஸ் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேரட், முட்டைகோஸ், குடைமிளகாய் போன்ற கெட்டியான காய்களில் நிலைமை வேறு. சிறு புள்ளி என்றால், அதைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

வாழைப்பழத் தோல் கறுப்பது பூசணமல்ல, பழுத்ததன் அடையாளம். திராட்சையின் மேல் உள்ள வெள்ளைப் பூச்சும் பழத்தின் இயற்கையான மெழுகுதான். அது தேய்த்தால் போய்விடும், மயிர் போல நிற்காது.

சீஸ்: கட்டி என்றால் ஓர் அங்குலம்

இப்போது அந்தச் சீஸ் கட்டிக்கு வருவோம். செடார் போன்ற கெட்டிச் சீஸில் ஈரம் குறைவு, இறுக்கம் அதிகம். அதனால் இழை ஆழமாகப் போகாது. இதைக் காப்பாற்றலாம். ஆனால் புள்ளியை மட்டும் சுரண்டினால் போதாது.

கட்டியின் நீளம் பத்து சென்டிமீட்டர், ஒரு முனையில் புள்ளி என்று வையுங்கள். புள்ளி முடியும் இடத்திலிருந்து உள்பக்கமாக ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் அளந்துகொள்ளுங்கள். உங்கள் கட்டைவிரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை ஏறக்குறைய அந்த அளவுதான். அந்த இடத்தில் நேராக ஒரே வெட்டாக வெட்டி, முனையை முழுதாக எடுத்துவிடுங்கள். கத்தி பூசணத்தின் மேல் படக் கூடாது. பட்டால், கத்தியே வித்தை நல்ல பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மீதியைப் பழைய உறையில் போடாமல் புதுத் தாளில் சுற்றி வையுங்கள். கட்டியில் இரண்டு மூன்று இடங்களில் புள்ளி இருந்தால், வெட்டியது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். விட்டுவிடுவதே மேல்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது மெல்லிய துண்டுகளாகவோ சிறு கட்டிகளாகவோ வரும் சீஸ். இவற்றில் சுற்றிலும் ஓர் அங்குலம் வெட்ட இடமே இல்லை, ஆகவே முழுதும் குப்பைக்கு. துருவிய சீஸ், பரப்பும் சீஸ், பன்னீர், தயிர், கிரீம் எல்லாம் ஈரப்பதம் மிக்கவை. புள்ளி தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

"வெளிநாட்டுல பூசணம் பிடிச்ச சீஸையே சாப்பிடுறாங்களே, பெனிசிலின் மருந்தே பூஞ்சையில இருந்துதானே வந்தது" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் ராக்ஃபோர்ட் போன்ற நீலச் சீஸில் இருப்பது, தேர்ந்தெடுத்து வேண்டுமென்றே சேர்த்த ஒரு பூஞ்சை. நம் வீட்டுப் பொருளில் வந்து விழுந்தது எந்த வகை என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சூடு பண்ணினால் சரியாகிவிடுமா?

ஆகாது. டோஸ்ட் செய்தால் பூஞ்சை சாகலாம், அது உண்டாக்கிய நச்சு போகாது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வீட்டுச் சமையல் சூட்டைத் தாங்கி நிற்கும். 1974-ஆம் ஆண்டு ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சமைத்துச் சாப்பிட்ட கிராம மக்களுக்கு மஞ்சள்காமாலை வந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு துண்டு பிரெட்டால் அப்படி ஆகாது. அவர்கள் வாரக்கணக்கில் அதையே உண்டார்கள். ஆனால் சமைத்தால் நச்சு போகாது என்பதற்கு அதுவே சாட்சி.

இதனால்தான் பூசணம் பிடித்ததை மாட்டின் கழுநீர்த் தொட்டியிலோ கோழிக்கோ போடக் கூடாது. தீவனத்தில் உள்ள அஃப்ளாடாக்சின் பசுவின் பால் வழியே மறுபடி நம் வீட்டுக்கே வரும். ஒரு உறையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள், அல்லது தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பிறகு பிரெட் வைத்த டப்பாவையும் குளிர்பெட்டித் தட்டையும், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்து, ஈரம் இல்லாமல் காயவிடுங்கள்.

தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாந்தி நிற்காவிட்டாலோ, உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசரம் என்றால் 108.

வாங்கியபோதே பூசணம் இருந்தால்

பாக்கெட்டில் போட்ட தேதி முடியும் முன்பே பூசணம் இருந்தால் அதைச் சாப்பிட்டுச் சோதிக்காதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, பதினான்கு இலக்க உரிம எண் ஆகியவை தெரியும்படி பொருளோடு சேர்த்துப் படம் எடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படத்தோடு, கடையின் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றிய ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் பெரிய பாக்கெட்டுக்குப் பதில், இரண்டு நாளில் தீரும் அளவு சிறிய பாக்கெட் வாங்குங்கள். மிஞ்சினால் குளிர்பெட்டியில் வையுங்கள். பிரெட் கொஞ்சம் விறைக்கும், ஆனால் பூசணம் தாமதமாகும்.