சோடாக் குமிழி எங்கே வேலை செய்கிறது?

விருந்துச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பெட்டிக்கடையில் நின்று ஒரு சோடா குடிப்பது நம் ஊரில் தாத்தா காலத்துப் பழக்கம். இன்று அதே சோடாவைக் கையில் எடுத்தால் வீட்டில் ஒருவர் தடுக்கிறார். பல் கரைந்துவிடும், எலும்பு தேய்ந்துவிடும் என்கிறார். எனக்குத் தெரிந்தவரை இந்த எச்சரிக்கையில் இடம் மாறிப்போயிருக்கிறது. சோடாவின் குமிழி பல்லிலும் எலும்பிலும் செய்வது மிகக் குறைவு. அது நிஜமாக வேலை செய்யும் இடம் வயிறும், வயிற்றுக்கு மேலே உணவுக்குழாய் வந்து சேரும் வாசலும்தான். அங்கேதான் சிலர் கவனமாக இருக்க வேண்டும்.

நான் சொல்வது வெறும் சோடாவைப் பற்றி மட்டும். சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, நிறம், மணம் எதுவும் சேராத, தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் மட்டுமே உள்ள சோடா. வாயுவை அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் கரைக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து வாயு குமிழியாக வெளியேறுகிறது. நன்றாக வாயு ஏற்றிய சோடாவில் ஒரு பங்கு தண்ணீருக்கு மூன்று முதல் நான்கு பங்கு வாயு இருக்கும். 300 மில்லி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. எடையில் பார்த்தால் 2 கிராம்கூடத் தேறாது. இந்த ஒரு லிட்டரை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

முதலில் பல். கரைந்த வாயுவில் மிகச் சிறிய பகுதி தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அதனால்தான் சோடா நாக்கில் சுள்ளென்று இருக்கிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் சாதாரணக் குடிநீர் 7-ஐ ஒட்டி இருக்கும். வெறும் சோடா பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். பல்லின் மேலுறையான எனாமல் 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும் என்பது பல் மருத்துவப் பாடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் பயம் வந்தது.

ஆனால் பி.எச். எண் மட்டும் பல்லைக் கரைப்பதில்லை. அந்த அமிலத்தை அடக்க எவ்வளவு காரம் தேவைப்படுகிறது, அது பல்லில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பவையும் முக்கியம். கார்பானிக் அமிலம் பலவீனமானது. வாயின் சூட்டில் வாயு பறந்துபோகிறது. எச்சிலில் இயல்பாகவே உள்ள பைகார்பனேட் மிச்சத்தைச் சமன்படுத்திவிடுகிறது. கோலா பானங்களில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலமும், எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் அப்படிப் பறந்து போகிறவை அல்ல. சிட்ரிக் அமிலம் ஒரு படி மேலே போய்ப் பல்லின் கால்சியத்தையே பிடித்து இழுக்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். வாயு ஏற்றிய கனிம நீர், வாயு இல்லாத கனிம நீர், குளிர்பானங்கள் ஆகியவற்றில் பற்களை வைத்து எவ்வளவு கரைகிறது என்று அளந்தார்கள். வாயு உள்ள நீர், வாயு இல்லாததைவிடச் சற்று அதிகமாகக் கரைத்தது உண்மைதான். ஆனால் அந்த அளவு குளிர்பானங்கள் கரைத்ததில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதே ஊரில் 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வு மணமும் பழச்சுவையும் சேர்த்த வாயு நீரை எடுத்துக்கொண்டது. சர்க்கரை இல்லாவிட்டாலும் அவற்றின் பி.எச். 2.7 முதல் 3.3 வரை இறங்கியிருந்தது. எனாமலை ஆரஞ்சுச் சாற்றுக்குச் சமமாக அரித்தன. ஆகவே கடையில் கேட்டு வாங்கும் எலுமிச்சை சோடாவில் பல்லுக்கு எதிரி எலுமிச்சைதான். அதைக் குடித்தால் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, பல் துலக்க அரை மணி நேரமாவது காத்திருப்பது நல்லது. அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். வெறும் சோடாவிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நாள் முழுவதும் ஒரு மிடறு, ஒரு மிடறாக வாயில் வைத்துக்கொண்டே இருப்பவருக்கும், வாய் உலரும் நோயோ மருந்தோ காரணமாக எச்சில் குறைந்தவருக்கும் சாதாரணத் தண்ணீரே பாதுகாப்பு.

எலும்பைப் பற்றிய பயம் இன்னும் பெரியது, ஆதாரம் இன்னும் சிறியது. சோடாவின் அமிலம் இரத்தத்தில் கலக்கும், அதைச் சமன்படுத்த உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் என்று சொல்லப்படுகிறது. அந்த ஒரு லிட்டர் வாயுவை இங்கே கணக்கில் வைப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கி மூச்சில் வெளியே விடுகிறது. ஒரு பாட்டில் சோடாவில் உள்ள மொத்த வாயுவும் நாம் ஐந்து நிமிடத்தில் மூச்சுவிடும் அளவுதான். அதிலும் பாதி வழியிலேயே ஏப்பமாகப் போய்விடும். இரத்தத்தில் சேரும் மிச்சத்தை நுரையீரல் பார்த்துக்கொள்ளும். எலும்பைக் கேட்க வேண்டிய அவசியம் உடலுக்கு இல்லை.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? கோலாவிலிருந்து. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் பல தலைமுறைகளாக நடக்கும் ஆய்வின் எலும்புப் பிரிவு 2006-இல் ஒரு முடிவை வெளியிட்டது. கோலா அதிகம் குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது. வாயு உள்ள மற்ற பானங்களைக் குடித்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. வாயுதான் குற்றவாளி என்றால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கோலாவில் காஃபீன், பாஸ்பாரிக் அமிலம் இரண்டும் இருக்கின்றன. அதோடு கோலா குடிப்பவரின் தட்டிலிருந்து பால் விலகிப்போவதும் உண்டு. ஸ்பெயினில் மாதவிடாய் நின்ற 18 பெண்களுக்கு இரண்டு மாதம் தினமும் ஒரு லிட்டர் வாயு உள்ள கனிம நீரும், இன்னொரு இரண்டு மாதம் வாயு இல்லாத நீரும் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு தேய்ந்து புதுப்பிக்கப்படுவதைக் காட்டும் இரத்த, சிறுநீர் அளவுகளில் மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனாலும் எலும்பு அதிகம் இழக்கும் வயதில் இருப்பவர்களிடமே வேறுபாடு தெரியவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

வயிற்றுக்கு வரும்போது கதை மாறுகிறது. இங்கே அமிலம் ஒரு பொருட்டே அல்ல. சாப்பாடு இல்லாத இரைப்பையின் பி.எச். இரண்டை ஒட்டி இருக்கும். அதற்குள் விழும் சோடா அதைப் புளிப்பாக்க முடியாது. இங்கே வேலை செய்வது கன அளவு. பாட்டிலைத் திறந்தபோதும் டம்ளரில் ஊற்றியபோதும் கொஞ்சம் வாயு போயிருக்கும். மிச்சம் இரைப்பைக்குள் 37 டிகிரி சூட்டில் பலூன் ஊதுவதுபோல் விரியும். 300 மில்லி சாதாரணத் தண்ணீர் 300 மில்லி இடத்தை மட்டுமே பிடிக்கும். அதே அளவு சோடா, வேகமாகக் குடித்தால், அதைப்போல் இரண்டு மடங்கு இடத்தைக்கூடச் சிறிது நேரத்துக்குக் கேட்கும். மேல்வயிறு இறுகுவதும் பசி அடங்கியதுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

நிமிர்ந்து நிற்கும்போது வாயு இரைப்பையின் மேல்பகுதிக்கு எழும்பி அதன் சுவரை இழுக்கும். அந்த இழுப்பு நரம்பு வழியாகச் செய்தி அனுப்ப, உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் சில நொடிகள் தளர்ந்து திறக்கும். ஏப்பம் வரும். சோடா குடித்ததும் வரும் பெரிய ஏப்பத்தில் பெரும்பங்கு சோடா கொண்டுவந்த வாயுதான். முன்பே விழுங்கியிருந்த காற்றும் அதோடு சேர்ந்து வெளியேறுவதால் சிலருக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி பொய்யல்ல. ஏப்பமாகப் போகாத மிச்சம் குடலில் விரைவாக உறிஞ்சப்பட்டு மூச்சில் வெளியேறிவிடும். பருப்பும் பாலும் புளித்து அடிவயிற்றில் மணிக்கணக்காக நிற்கும் உப்புசம் வேறு; அங்கே வாயுவை உண்டாக்குபவை குடல் நுண்ணுயிரிகள். சோடா அதை உண்டாக்குவதும் இல்லை, தீர்ப்பதும் இல்லை.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அஜீரணமும் மலச்சிக்கலும் உள்ள 21 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. இரண்டு வாரங்களுக்கு மேல் வாயு உள்ள நீரைத் தினமும் குடித்தவர்களுக்கு, குழாய்த் தண்ணீர் குடித்தவர்களைவிட இரண்டு தொல்லைகளும் குறைந்தன. அந்த நீரில் கனிமங்களும் அதிகம் இருந்ததால், பலன் முழுவதையும் குமிழியின் கணக்கில் எழுத முடியாது. தாத்தாவின் பழக்கத்துக்கு அறிவியல் தரும் ஆதரவு இவ்வளவுதான். ஆனால் இவ்வளவாவது இருக்கிறது.

ஏப்பத்துக்குத் திறக்கும் அதே வாசல்தான் எதுக்களிப்புக்கும் வாசல். வாயு வெளியேறும் நேரத்தில் அமிலமும் கூடவே மேலே வந்தால் நெஞ்செரிச்சல். நோய் இல்லாத ஒன்பது பேரிடம் அளந்து 2006-இல் வெளியான ஆய்வில், வாயு உள்ள பானத்துக்குப் பிறகு அந்தத் தசை வளையத்தின் இறுக்கம் 30 முதல் 50 சதவீதம் வரை, சுமார் இருபது நிமிடத்துக்குக் குறைந்தது. குழாய்த் தண்ணீர் அப்படிச் செய்யவில்லை. ஆயினும் 2010-இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களால், வாயு பானங்கள் எதுக்களிப்பு நோயை உண்டாக்குகின்றன என்று சொல்ல முடியவில்லை. இருபது நிமிடத் தளர்ச்சி ஆரோக்கியமானவருக்குக் கடந்துபோகும். வாசல் ஏற்கெனவே தளர்ந்திருப்பவருக்கு, கர்ப்பிணிக்கு, இரவு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவருக்கு அதுவே தொல்லையாகும். படுத்துவிட்டால் வாயு மேலே நிற்பதில்லை. வாசலருகே திரவம் வந்துவிடும்.

உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டோடு வழக்கமான சோடா, அடுத்த வாரம் அதே அளவு சாதாரணத் தண்ணீர்; சாப்பாடும் படுக்கும் நேரமும் மாறக் கூடாது. நெஞ்செரிச்சல் இரண்டாம் வாரம் தெளிவாகக் குறைந்தால் இரவுச் சோடாவை நிறுத்துங்கள். குறையாவிட்டால் காரணம் வேறு. சோடா ஒத்துக்கொள்பவரும் ஒரு தடவைக்கு 300 மில்லிக்குள் மெதுவாகக் குடித்தால் வயிறு இறுகுவது அரிது.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், கறுப்பாக மலம் போதல் இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அதை ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அப்போது ஓர் ஏப்பம் வந்து வலி சற்றுக் குறைந்தாலும், அது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. 108-ஐ அழைத்து, மருத்துவமனைக்குப் போய் உடனே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.