தீபாவளிக்கு மிஞ்சிய குர்தாவை என்ன விலைக்குத் தள்ளுவது?

சொந்த பிராண்டில் துணி விற்பவருக்குத் தீபாவளி முடிந்த மறுவாரம்தான் உண்மையான கணக்கு தெரியும். ஓர் உதாரணம் பார்ப்போம். 1,000 குர்தா தைத்தாயிற்று. அடக்கம் 450 ரூபாய், விற்பனை விலை வரியோடு 1,200. பண்டிகைக்குள் 620 போய்விட்டது. மீதி 380.

முதலில் சரக்கைப் பிரியுங்கள். வெள்ளை, சந்தனம் போன்ற நிறங்களில் வேலைப்பாடு இல்லாதவை 60 இருந்தால் அவற்றில் கை வைக்காதீர்கள். பொங்கலுக்கும் கல்யாண சீசனுக்கும் அவை முழு விலைக்கே போகும். இந்த வருட டிசைன் என்று பார்த்தவுடனே தெரிகிற 320தான் தள்ள வேண்டிய சரக்கு.

அந்த 320இலும் பெரும்பாலும் எஸ், டபுள் எக்ஸெல் சைஸ்தான் கிடக்கும். நடுவிலுள்ள எம், எல் கடைக்கு இரண்டு மூன்று என்று சிதறியிருக்கும். கேட்ட சைஸ் இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வந்தவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். எனவே விலையைக் குறைப்பதற்கு முன்பே எல்லாக் கடைகளிலிருந்தும் சரக்கைத் திரட்டி ஒன்றிரண்டு கடைகளில் சைஸ் வரிசை சேரும்படி வையுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. மற்றக் கடைகளில் தள்ளுபடி பலகையே தெரியாமல் இருப்பதால் பிராண்டின் மதிப்புக்கும் இது நல்லது.

அடுத்தது விலை. எடுத்த எடுப்பில் பாதி விலை போடுவது அவசரம். முதல் நான்கு வாரம் 30 சதவீதம் குறைத்தால் 840 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி போகக் கைக்கு 800 வரும். இதில் 120 போகிறது என்று வைத்துக்கொள்வோம்: 96,000. பிறகு பொங்கல் வரை பாதி விலை, 600 ரூபாய். வரி போக 571. இதில் 130 போனால் சுமார் 74,000. ஆக 250 குர்தாவுக்கு 1,70,000 ரூபாய். இதே 250ஐ முதல் நாளே பாதி விலைக்கு விற்றிருந்தால் வருவது சுமார் 1,43,000தான். கொஞ்சம் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்த 120 பேருக்கு நாமே காரணமில்லாமல் 27,000 ரூபாயை விட்டுக்கொடுத்திருப்போம்.

ஆனால் நான்கு வாரம் என்பது கல்லில் எழுதியதல்ல. முதல் பத்து நாளில் 40 கூடப் போகவில்லையென்றால், அந்த விலையில் ஆள் இல்லை என்று பொருள். அப்போதே அடுத்த படிக்கு இறங்கிவிட வேண்டும். இறக்கிய விலையை மறுபடி ஏற்றவே கூடாது. 840க்கு நேற்றுப் பார்த்தவர் இன்று 1,000 என்று பார்த்தால், அடுத்த முறை எந்த விலையையும் நம்ப மாட்டார்.

கடைசியில் நிற்கிற 70 குர்தாவை லாட்டில் தள்ளுங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் இதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் விலை அட்டையையும் பிராண்ட் பெயர் போட்ட பாலித்தீன் கவரையும் எடுத்துவிடுங்கள். கழுத்து லேபிளைக் கத்தரியுங்கள். பொறுக்கி எடுக்க விட்டால் நல்ல சைஸ் மட்டும் போய், கழிவு நம்மிடமே தங்கும். மொத்தமாக ஒரே விலை பேசுங்கள். 180 கிடைத்தால் 12,600 ரூபாய். அடக்கத்துக்கும் கீழே விற்கிறோமே என்று மனம் கேட்காது. ஆனால் அந்த 450 ஏற்கெனவே செலவான பணம். அடுத்த தீபாவளி வரை வைத்திருந்தால் வட்டியும் வாடகையும் ஏறும், மடிப்புக் கோட்டில் நிறம் வெளுக்கும், டிசைனும் பழசாகும். இன்று வருகிற 180இல் அடுத்த சீசனுக்கு நூல் வாங்கலாம்.

நம்மிடம் சரக்கெடுத்த சில்லறைக் கடைக்காரர்களை மறந்துவிடக் கூடாது. அவர்கள் அலமாரியில் அதே குர்தா 1,200க்குத் தொங்கும்போது நம் இணையதளத்தில் 840 என்று போட்டால், அடுத்த சீசனுக்கு ஆர்டர் கொடுக்க யோசிப்பார்கள். ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி, விற்காமல் இருப்பதை எண்ணி, விலை வித்தியாசத்துக்கு கிரெடிட் நோட் கொடுத்துவிடுங்கள். ஆன்லைன் தளங்களில் சரக்கு வைத்திருந்தால், நாம் சொன்ன விலைக்குக் கீழே தளத்தின் சலுகை இறங்காதபடி முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி பிராண்டைத் தின்கிறதா என்று பார்க்க ஓர் அளவு போதும். புதுச் சரக்கு வந்த முதல் நான்கு வாரத்தில் எத்தனை சதவீதம் முழு விலைக்குப் போகிறது என்று ஒவ்வொரு சீசனும் குறித்து வையுங்கள். டிசைனும் கூட்டமும் வழக்கம்போல் இருந்தும் அது தொடர்ந்து இறங்கினால், வாடிக்கையாளர்கள் தள்ளுபடிக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். அப்போது விலையை இன்னும் குறைப்பதில் பயனில்லை. தைக்கும் எண்ணிக்கையை 1,000இலிருந்து 750 ஆக்குங்கள்.