கணினிவழித் தேர்வின் இடையே மின்தடையும் இணையத் துண்டிப்பும்

கணினிவழித் தேர்வு நடக்கும்போது மின்சாரமோ இணையமோ நின்றுபோனாலும், அதுவரை சேமிக்கப்பட்ட விடைகள் பொதுவாக அழிவதில்லை. விடைகளும் எஞ்சிய நேரமும் தேர்வர் முன்னுள்ள கணினியில் அல்லாமல், தேர்வு வழங்கியில் பதிவாவதே இதற்குக் காரணம்.

இயங்கும் முறை

ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு போன்றவற்றில், தேர்வு மையத்திலேயே ஒரு வழங்கி இருக்கும். பூட்டிய வடிவிலான வினாத்தாள், தேர்வு தொடங்கும் முன்பே இணையம் வழியாக அதற்கு வந்துவிடும். அதன்பின் தேர்வர்களின் கணினிகள் மையத்தின் உள் வலையமைப்பு வழியாகவே வழங்கியுடன் தொடர்புகொள்கின்றன. எனவே இடையில் இணையம் நின்றால் தேர்வர் அதை உணராமலே போகலாம். தொடக்கத்திலேயே வினாத்தாள் வராவிட்டால்தான் சிக்கல். 2022 ஆகஸ்ட் 4 அன்று க்யூட் தேர்வின் பிற்பகல் அமர்வுக்கு, 3 மணிக்கு வரவேண்டிய வினாத்தாள் 5.25 மணிக்கே வந்ததால், 489 மையங்களிலும் அந்த அமர்வு ரத்தானது.

மின்தடையின்போது ஜெனரேட்டர் இயங்கும்வரை யுபிஎஸ் கணினிகளைத் தாங்குகிறது. அதையும் மீறிக் கணினி அணைந்தால், தேர்வருக்கு வேறு கணினி தரப்படும். இழந்த நேரம் வழங்கியில் சரிசெய்யப்படும் என்பது தேசியத் தேர்வு முகமையின் விதி.

ஓர் எடுத்துக்காட்டு

180 நிமிடத் தேர்வில் 70ஆம் நிமிடத்தில் கணினி அணைகிறது. வேறு கணினியில் அமர 12 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். மீண்டும் உள்நுழைந்ததும் திரையில் 110 நிமிடம் எஞ்சியிருக்க வேண்டும். 98 என்று காட்டினால் நேரம் சரிசெய்யப்படவில்லை. தேர்வைத் தொடரும் முன்பே கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். முன்பு `Save & Next` அழுத்திய விடைகள் அப்படியே இருக்கும். தெரிவைக் குறித்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்ட கடைசி வினாவின் விடை மட்டும் இல்லாமற்போகலாம்.

ஆவடி வழக்கு

தாளில் எழுதும் தேர்வில் இத்தகைய நேரப் பதிவு கிடையாது. 2025 மே 4 அன்று நடந்த நீட் தேர்வில், ஆவடி மையம் ஒன்றில் மழையால் பிற்பகல் 3 முதல் 4.15 மணிவரை மின்சாரம் இல்லை என்றும், கூடுதல் நேரம் தரப்படவில்லை என்றும் கூறித் தேர்வர்கள் சிலர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். மறுதேர்வு நடத்தினால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிற தேர்வர்கள் பாதிக்கப்படுவர் என்று கருதிய நீதிமன்றம், 2025 ஜூன் 6 அன்று மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தேர்வு முடிந்த பின் மறுதேர்வு பெறுவது எவ்வளவு அரிது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

தேர்வர் கவனிக்க வேண்டியவை

திரை அணைந்தால் கணினியைத் தாமே மீண்டும் இயக்காமல், கையை உயர்த்திக் கண்காணிப்பாளரை அழைக்க வேண்டும். கடைசியாகத் தெரிந்த எஞ்சிய நேரத்தையும் வினா எண்ணையும் கணக்குத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. முகமை பின்னர் வெளியிடும் விடைப்பதிவுத் தாளில், தடை ஏற்படும் முன் சேமித்த விடைகள் உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.