அந்த 12,500 ரூபாய் எங்கிருந்து வந்தது?

வருமான வரியின் பழைய முறையில், 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான அட்டவணையில் ஒரு வரி இப்படி இருக்கும்: ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால், 12,500 ரூபாயும் ஐந்து லட்சத்தைத் தாண்டிய தொகையில் 20 சதவீதமும். இதில் 20 சதவீதம் அரசு எடுத்த முடிவு. 12,500 கணக்கு போட்ட கட்டாயம்.

வரி என்பது துண்டு துண்டாக எழுதப்பட்ட ஒரு சார்பு. இரண்டரை லட்சம் வரை வரி இல்லை. அங்கிருந்து ஐந்து லட்சம் வரை 0.05(x − 2,50,000). அதற்கு மேல் 0.20(x − 5,00,000) + k என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் ஒன் மாணவர்கள் தேர்வில் தேடும் அதே k தான் இது.

வருமானம் கீழிருந்து ஐந்து லட்சத்தை நெருங்கும்போது வரி, இரண்டரை லட்சத்தில் 5 சதவீதம், அதாவது 12,500-ஐ நெருங்குகிறது. இது இடப்பக்க எல்லை. மேலிருந்து இறங்கி வந்தால் முதல் உறுப்பு பூஜ்யத்தை நெருங்கி, k மட்டும் மிஞ்சுகிறது. இது வலப்பக்க எல்லை. இரண்டும் சமமாக இருந்து, அந்தப் புள்ளியில் சார்பின் மதிப்பும் அதுவாகவே இருந்தால்தான் தொடர்ச்சி. ஆகவே k = 12,500. இரண்டாவது துண்டை 0.20x + c என்று எழுதினால் 1,00,000 + c = 12,500; c = −87,500. எண் மாறினாலும் கோடு அதேதான். பத்து லட்சத்திலும் இதே வேலையைச் செய்தால் 12,500 + 1,00,000 = 1,12,500 வரும்; அட்டவணையிலும் அதுவே இருக்கிறது.

இவ்வளவு கச்சிதமாக ஒட்டிய இடத்தைப் பிரிவு 87A தள்ளுபடி உடைத்துவிட்டது. ஐந்து லட்சம் வரை உள்ளவர்களுக்கு அந்த 12,500 முழுவதும் தள்ளுபடி. இப்போது இடப்பக்க எல்லை 0, வலப்பக்க எல்லை 12,500. செஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால், 5,00,000 ரூபாய்க்கு வரி இல்லை. 5,00,010 ரூபாய்க்கு 12,502 ரூபாய் வரி. பத்து ரூபாய் கூடுதல் வருமானத்துக்கு இது அநியாயம் என்றே சொல்வேன். ஐந்து லட்சம் என்ற அந்த ஒரு புள்ளியில் மட்டும் மதிப்பை மாற்றினால் பயனில்லை. இரு பக்க எல்லைகளும் வேறாக இருக்கும்வரை பிளவு மூடாது. k-ஐ 0 ஆக்கினால் மூடும், ஆனால் பத்து லட்சத்தில் புதிதாக ஒரு பிளவு திறக்கும். அங்கும் 1,12,500-ஐ 1,00,000 ஆகக் குறைக்க வேண்டும்.

2025-26 நிதியாண்டின் புதிய முறையில் இதே சிக்கல் 12 லட்சத்தில் வந்தது. அங்கே தள்ளுபடி 60,000 ரூபாய். ஆனால் அங்கே விளிம்பு நிவாரணம் உண்டு: 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது. அதாவது இடையில் x − 12,00,000 என்ற புதுத் துண்டு செருகப்பட்டிருக்கிறது. அது 12 லட்சத்தில் 0-வில் தொடங்குகிறது. வழக்கமான 60,000 + 0.15(x − 12,00,000) என்ற கோட்டுடன் சுமார் 12,70,588 ரூபாயில் சேர்கிறது. இரு முனைகளிலும் தொடர்ச்சி உண்டு. ஆனால் இந்த இடைவெளியில் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போய்விடும்.