பாதி விலையில் திரும்பியவர்கள்

ஒரு மாத இதழை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆண்டுச் சந்தா ₹1,200. சந்தா முடிந்தும் புதுப்பிக்காதவர்கள் 20,000 பேர். அவர்களில் 16,000 பேருக்கு, “திரும்பி வாருங்கள், ஓராண்டுக்குப் பாதி விலை” என்று மின்னஞ்சல் போகிறது. மூன்று மாதத்தில் 1,280 பேர், அதாவது 8 சதவீதம் பேர், பணம் கட்டுகிறார்கள். வசூல் ₹7,68,000. சந்தாப் பிரிவின் அறிக்கையில் 1,280 பேரும் மீட்கப்பட்டவர்களாகவே பதிவாவார்கள். அந்த எண்ணை நம்பி அடுத்த ஆண்டும் சலுகையை நீட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மீதி 4,000 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, சலுகை அனுப்பாமல் விடப்பட்டவர்கள். அதே மூன்று மாதத்தில் அவர்களில் 200 பேர், 5 சதவீதம் பேர், முழு விலை கொடுத்துத் தாங்களாகவே புதுப்பித்திருக்கிறார்கள்.

இதில் வியப்பில்லை. சந்தா நின்றுபோன எல்லோரும் வேண்டாமென்று விலகியவர்கள் அல்ல. சிலருடைய வங்கி அட்டை காலாவதியாகியிருக்கும். அட்டையிலிருந்து தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி 2021 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, மாதாமாதம் தானாகக் கழிந்துகொண்டிருந்த பல சந்தாக்கள், வாடிக்கையாளர் விரும்பியும் நின்றுபோயின. அப்படி நின்றவருக்குத் தேவை ஒரு நினைவூட்டல்தான்.

இப்போது அந்த 5 சதவீதத்தை 16,000 பேருக்குப் பொருத்துங்கள். மின்னஞ்சலே போகாவிட்டாலும் சுமார் 800 பேர் வந்திருப்பார்கள். சலுகையால் வந்தவர்கள் 480 பேர் மட்டுமே. அவர்கள் தந்தது ₹2,88,000. ஆனால் ₹1,200 கட்டத் தயாராக இருந்த 800 பேரிடம் தலைக்கு ₹600 விட்டுக்கொடுத்ததில் போனது ₹4,80,000. வெற்றி என்று எழுதப்பட்ட இடத்தில் ₹1,92,000 நட்டம். அந்த 480 பேரில் 160 பேராவது மறு ஆண்டு முழு விலையில் நீடித்தால்தான், அச்சு, அஞ்சல் செலவைச் சேர்க்காமலே, இது ஈடாகும்.

ஒப்பிடும் குழுவைத் தவறாக அமைத்தால் இந்த நட்டம் கண்ணில் படாது. மின்னஞ்சலைத் திறக்காதவர்களைச் சிலர் ஒப்பீட்டுக்கு எடுக்கிறார்கள். திறந்தவர்கள் முன்பே ஆர்வம் உள்ளவர்கள் என்பதால், வித்தியாசம் பொய்யாகப் பெருகும். திறந்தாலும் திறக்காவிட்டாலும், அனுப்பிய 16,000 பேரையும் கணக்கில் வைக்க வேண்டும். நிறுத்திவைக்கும் குழு சிறிதாக இருப்பதும் கெடுதல்தான். 200 பேரில் 5 சதவீதம் என்பது வெறும் 10 பேர். மூன்று பேர் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும்.

மூன்று மாதத்தோடு எண்ணிக்கையை நிறுத்தவும் கூடாது. ஐந்தாம் மாதம் வரவிருந்தவரைச் சலுகை இரண்டாம் மாதமே இழுத்திருக்கலாம். நிறுத்திவைத்த 4,000 பேருக்கு அதற்குள் இரக்கப்பட்டுச் சலுகை அனுப்பிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. ஆறு மாதமாவது அவர்களைத் தொடாமல் விட்டு, இரு குழுவையும் மறுபடி எண்ணுங்கள்.