நாற்பது கடிதங்கள் போதுமா?

பம்ப்செட் விற்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கேள்விகளுக்கு மொழி மாதிரியை வைத்துப் பதில் எழுத வேண்டும். கையில் இருப்பவை நல்ல பழைய பதில்கள் 40. முதலாளிக்கு உடனே தோன்றுவது, "இதை வைத்து மாதிரிக்குப் பயிற்சி கொடுத்துவிடலாமே" என்பதுதான். ஃபைன் டியூனிங் எனப்படும் இந்த வழியில் எழுதும் தோரணை ஓரளவு படியும். விலையும் வாரன்டி விதியும் நம்பும்படி மனதில் தங்காது. அடுத்த மாதம் விலை மாறினால் பழைய விலையையே தயக்கமின்றிச் சொல்லும்.

முதலில் 15 பதில்களைச் சோதனைக்கென ஒதுக்கி வையுங்கள். மீதியில் ஐந்தாறைத் தெளிவான அறிவுறுத்தலோடு பிராம்ப்டில் சேர்த்து, ஒதுக்கிய 15 கேள்விகளையும் கேளுங்கள். பிறகு தவறுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். முடிவு அங்கேதான் இருக்கிறது.

மோட்டார் எரிந்தால் வாரன்டி உண்டா என்பதற்குத் தவறான பதில் வந்ததா? வாரன்டிப் பக்கத்தை நீங்களே பிராம்ப்டில் ஒட்டி மறுபடி கேளுங்கள். இப்போது சரியாக வந்தால், குறை தகவலில்தான். கையேடு பத்துப் பக்கம்தான் என்றால் முழுவதையும் ஒட்டிவிடலாம், தேடல் அமைப்பே வேண்டாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்றால்தான் உரிய பகுதியைத் தேடியெடுத்துத் தரும் ரிட்ரீவல் தேவை. அதிலும் பிழை வந்தால், எந்தப் பக்கத்தை எடுத்தது என்று முதலில் பாருங்கள். வேறு மாடலின் பக்கமாக இருக்கலாம்.

தகவல் சரி, ஆனால் எத்தனை முறை சொல்லியும் நடை வழுக்குகிறது என்றால் மட்டும் ஃபைன் டியூனிங்கை யோசிக்கலாம். அதற்குள் ஊழியர்கள் திருத்திய பதில்களே சில நூறு சேர்ந்திருக்கும்.