மின்கருவி எந்த நாட்டுக்கானது? பிளக், வோல்ட், ஹெர்ட்ஸ் தரும் தடயங்கள்

பெரம்பலூர் மாவட்டத்தின் வாலிகண்டபுரம் போன்ற ஊர்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் ஊர் திரும்பும்போது இஸ்திரிப் பெட்டி, மேசை மின்விசிறி, மிக்சி போன்ற மின்கருவிகளும் உடன் வருகின்றன. அவற்றுள் சில இங்கே நன்றாக இயங்கும். சில மெதுவாகச் சுழன்று சூடேறும். சில முதல் நாளே எரிந்துபோகும். கருவி எந்த நாட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதே இதற்குக் காரணம்.

கருவியில் 'சீனாவில் தயாரிக்கப்பட்டது' என்று எழுதியிருப்பதால் மட்டும் இது தெரியாது. அது தொழிற்சாலை இருந்த நாட்டை மட்டுமே குறிக்கும். ஒரே தொழிற்சாலை பல நாடுகளுக்கும் கருவிகளைச் செய்து அனுப்புகிறது. கருவி எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டது என்பதை அறியப் பிளக்கின் வடிவம், வோல்ட் எண், ஹெர்ட்ஸ் எண் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிளக்கின் வடிவம்

இந்தியாவில் வழங்குவது மூன்று உருண்டை முனைகள் கொண்ட பிளக். மேலே உள்ள எர்த் முனை மற்ற இரண்டையும்விடத் தடித்தும் நீண்டும் இருக்கும். இது பிரிட்டனின் பழைய பி.எஸ். 546 தரத்திலிருந்து வந்தது. பிரிட்டன் 1947இல் பி.எஸ். 1363 என்னும் புதிய தரத்தை வெளியிட்டு, மூன்று செவ்வக முனைகள் கொண்ட பிளக்குக்கு மாறியது. இந்தியா பழைய வடிவத்தையே தொடர்ந்து வைத்துக்கொண்டது.

செவ்வக முனைப் பிளக்கை 'ஜி வகை' என்பர். சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் இது வழங்குகிறது. இரண்டு தட்டை முனைகள் மட்டும் இணையாக இருந்தால் அது அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் வடிவம். இரண்டு உருண்டை முனைகள் கொண்ட பிளக் ஐரோப்பாவிலும் தென்கொரியாவிலும் உண்டு.

இந்த மூன்று தடயங்களில் பிளக்கே எளிதில் மாறக்கூடியது. யார் வேண்டுமானாலும் பழையதை வெட்டிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். வயரோடு சேர்த்து வார்த்த பிளக்காக இருந்தால் ஓரளவு நம்பலாம். திருகாணி வைத்துப் பொருத்திய பிளக்காக இருந்தால், அது பின்னால் மாற்றப்பட்டதாக இருக்கக்கூடும்.

வோல்ட் எண்

கருவியின் அடியிலோ பின்புறமோ ஒட்டியுள்ள பெயர்ப்பட்டையில் `220-240V~ 50Hz` என்பது போன்ற வரி இருக்கும். வளைகோடு மாறுமின்னோட்டத்தைக் குறிக்கும். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே மேற்கண்ட வரியுள்ள கருவி இங்கே தடையின்றி இயங்கும். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், குவைத் ஆகியவற்றுக்குச் செய்த கருவிகள் பெரும்பாலும் இவ்வகையே. இவற்றில் எது எந்த நாட்டுக்கானது என்று வோல்ட் எண்ணை வைத்துப் பிரித்தறிவது கடினம்.

100 வோல்ட் என்றால் ஜப்பான், 120 வோல்ட் என்றால் அமெரிக்கா அல்லது கனடா என்று பெரும்பாலும் கொள்ளலாம். 127 வோல்ட் என்றால் பழைய சவூதிக் கருவியாக இருக்கலாம். சவூதி வீடுகளில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் நெடுங்காலம் வழங்கின. 2010இல் அந்நாட்டு அரசு படிப்படியாக 230 வோல்ட்டுக்கு மாற முடிவெடுத்தது.

127 வோல்ட், 1000 வாட் என்று எழுதியுள்ள இஸ்திரிப் பெட்டியை வாலிகண்டபுரத்து வீட்டில் செருகினால் என்ன ஆகும்? அதன் கம்பிச்சுருளின் மின்தடை மாறாது. மின்னழுத்தம் மட்டும் 1.81 மடங்காகும். வெப்பத்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும்.

1000 × (230 ÷ 127)² ≈ 3280 வாட்

மின்னோட்டம் 14 ஆம்பியரைத் தாண்டும். சாதாரணச் சுவர்ப் பலகையின் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. கம்பிச்சுருள், வயர், சாக்கெட் ஆகிய மூன்றுக்கும் இதனால் ஆபத்து.

ஹெர்ட்ஸ் எண்

பலர் பார்க்காமல் விடுவது இந்த எண்ணைத்தான். ஆனால் நாட்டை அடையாளம் காட்டுவதில் இதன் பங்கு பெரிது.

ஒரு மேசை மின்விசிறியில் ஜி வகைப் பிளக் இருக்கிறது. பெயர்ப்பட்டையில் `220V~ 60Hz` என்று உள்ளது எனக் கொள்வோம். பிளக்கைப் பார்த்தால் அது சிங்கப்பூர் முதல் குவைத் வரை எந்த நாட்டுக்கானதாகவும் இருக்கலாம். 220 வோல்ட் என்பதும் அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. ஆனால் அந்த வரிசையில் சவூதி அரேபியா தவிர மற்றவை எல்லாம் 50 ஹெர்ட்ஸ் நாடுகள். எனவே இது சவூதிக்குச் செய்யப்பட்ட விசிறி என்று முடிவு செய்யலாம். அதே வரியோடு இரண்டு உருண்டை முனைகள் இருந்தால் தென்கொரியாவையும், இரண்டு தட்டை முனைகள் இருந்தால் பிலிப்பைன்ஸையும் நினைக்கலாம்.

இந்த வேறுபாட்டால், சவூதி மின்கட்டமைப்பை அண்டை நாடுகளுடன் நேரடியாக இணைக்க முடியவில்லை. அல் ஃபதிலி என்னும் இடத்தில், ஒருபக்க மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி மீண்டும் மாறுமின்னோட்டமாக மாற்றும் நிலையம் ஒன்றை அமைத்தே இணைத்தனர்.

எது தாங்கும், எது தாங்காது

220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கருவிகள் எல்லாம் இங்கே கெட்டுவிடும் என்பதில்லை. இஸ்திரிப் பெட்டி வெறும் கம்பிச்சுருளால் சூடாவது. அதற்கு அதிர்வெண் ஒரு பொருட்டல்ல. மிக்சியின் மோட்டார் கார்பன் பிரஷ் வைத்தது. அதுவும் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

மின்விசிறியும் பழைய வகைக் குளிர்பெட்டியும் அப்படியல்ல. அவற்றிலுள்ள தூண்டல் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுழலும். அதன் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் அளவுக்கு மீறிப் பெருகி, சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 'உம்' என்ற உறுமலும், வழக்கத்துக்கு மீறிய சூடும் இதன் அறிகுறிகள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் இது தீராது. அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது.

மின்சார அலைகளை எண்ணி நேரம் காட்டும் கடிகாரம் இதைத் தெளிவாகக் காட்டிவிடும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அத்தகைய கடிகாரம் இங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் பின்தங்கும்.

பிளக்கை மாற்றும்போது

ஜி வகைப் பிளக்கின் உள்ளே ஒரு சிறு ஃபியூஸ் இருக்கும். அதை வெட்டிவிட்டு இரண்டு முனைப் பிளக்கைப் பொருத்தினால் ஃபியூஸ், எர்த் ஆகிய இரண்டு பாதுகாப்புகளும் போய்விடும். மூன்று வயர் வரும் கருவிக்கு மூன்று முனைப் பிளக்கே தேவை. வயரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க வயர்களில் கறுப்பு மின்சாரம் வரும் ஃபேஸ் வயர், வெள்ளை நியூட்ரல். நம் ஊரின் பழைய வயர்களில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இது தெரியாமல் இணைத்தால் சுவிட்சை அணைத்த பிறகும் கருவிக்குள் மின்சாரம் நிற்கக்கூடும்.

தடயம் தராத பெயர்ப்பட்டை

கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களில் `INPUT: 100-240V~ 50/60Hz` என்று இருக்கும். இது எந்த நாட்டையும் காட்டாது. எல்லா நாட்டு மின்சாரத்துக்கும் ஏற்றது என்பதே பொருள். இதற்குப் பொருத்தமான பிளக் அடாப்டர் ஒன்றே போதும். ஆனால் அந்த அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது. அதைச் சவூதி மின்விசிறிக்கும் ஜப்பானியச் சோறு வடிக்கும் கருவிக்கும் பொருத்தினால், பிளக் சாக்கெட்டில் சரியாக உட்காரும், கருவி கெடும்.